அறுபத்தொன்று இறங்கினால் நூற்றைம்பத்தாறு ஏற வேண்டும்

2008 ஜனவரி 8-ஆம் தேதி சென்செக்ஸ் 20,873 புள்ளிகளில் முடிந்தது. அதுவரை அந்தக் குறியீடு அவ்வளவு உயரத்தில் ஒருநாளும் முடிந்ததில்லை. அடுத்த 14 மாதங்களில் அமெரிக்க வங்கி நெருக்கடி உலகச் சந்தைகளையெல்லாம் இழுத்துக்கொண்டு போனது. 2009 மார்ச் 9 அன்று சென்செக்ஸ் 8,160-இல் முடிந்தது. உச்சத்திலிருந்து பார்த்தால் 60.9 சதவீதச் சரிவு.

அன்றைக்கு முதலீட்டாளர் ஒருவரிடம், "பழைய இடத்துக்கு வர இன்னும் எவ்வளவு ஏறணும்?" என்று கேட்டிருந்தால், யோசிக்காமல் வரும் பதில் "அறுபத்தோரு சதவீதம்" என்பதாகத்தான் இருந்திருக்கும். போட்டுப் பார்ப்போம். 8,160-உடன் அதில் 60.9 சதவீதத்தைக் கூட்டினால் சுமார் 13,130 வருகிறது. உச்சத்தைத் தொட இன்னும் 7,700 புள்ளிக்கு மேல் பாக்கி. சரியான விடை 155.8 சதவீதம். அதாவது, கையில் மிச்சமிருந்த பணம் இரண்டரை மடங்குக்கும் மேலாகப் பெருகினால்தான், 2008 ஜனவரியில் இருந்த அதே தொகை கிடைக்கும். லாபம் என்று ஒரு ரூபாய்கூட அதில் இல்லை.

இதில் சந்தையின் சூழ்ச்சி எதுவும் கிடையாது. சதவீதம் எதன்மேல் போடப்படுகிறது என்பதுதான் விஷயம். ஆடித் தள்ளுபடியில் 1,000 ரூபாய்ப் புடவையை 50 சதவீதம் குறைத்து 500-க்கு விற்கிறார்கள். ஆவணி பிறந்ததும் கடைக்காரர் பழைய விலையை எழுத வேண்டுமானால், 500-இன் மேல் 100 சதவீதம் ஏற்ற வேண்டும். குறைத்ததும் 500 ரூபாய், கூட்டியதும் 500 ரூபாய். குறைக்கும்போது அது ஆயிரத்தில் பாதி. கூட்டும்போது அது ஐந்நூற்றுக்குச் சமம். பாதிக் கணக்கை இழந்தவர் பணத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதன் முழு ரகசியமும் இவ்வளவுதான்.

பொதுவாகச் சொன்னால், நட்டச் சதவீதத்தை, மீதமிருக்கும் சதவீதத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்.

மீள வேண்டிய ஏற்றம் = நட்டம் ÷ (100 − நட்டம்) × 100

பத்து சதவீதம் போனால் 11.1 சதவீதம் ஏறினால் போதும்; வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இருபது போனால் இருபத்தைந்து வேண்டும். அதுவும் பரவாயில்லை. முப்பது போனால் கிட்டத்தட்ட நாற்பத்து மூன்று. ஐம்பதில் நூறு. அதற்குப் பிறகுதான் கணக்கு கைமீறிப் போகிறது. எண்பது போனால் நானூறு சதவீதம் வேண்டும், தொண்ணூறு போனால் தொள்ளாயிரம். சரிவின் முதல் இருபது சதவீதமும் கடைசி இருபது சதவீதமும் பெயரளவில்தான் ஒன்று.

2008 சரிவையே இரண்டாக வெட்டிப் பார்த்தால் இது தெளிவாகும். 20,873-இல் பாதி 10,437. சென்செக்ஸ் அங்கேயே நின்றிருந்தால் மீள்வதற்கு 100 சதவீத ஏற்றம் போதும். அது நிற்கவில்லை, இன்னும் 2,276 புள்ளிகள் இறங்கி 8,160-க்குப் போனது. முதல் பாதியில் போன பத்தாயிரத்துச் சொச்சம் புள்ளிகளோடு ஒப்பிட்டால் இந்த 2,276 சின்னத் தொகைதான். ஆனால் மீள வேண்டிய ஏற்றத்தை அது 100-லிருந்து 156-க்குத் தூக்கிவிட்டது. "இவ்வளவு இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் இறங்கினால் என்ன" என்று பங்குத் தரகர் அலுவலகங்களில் அப்போது பேசிக்கொண்டவர்கள் ஏராளம். அந்த இன்னும் கொஞ்சம்தான் விலை அதிகம்.

ஏறும்போதும் இதே மயக்கம் வேறு உருவில் வரும். 2009 மே 18-ஆம் தேதியை அந்தக் காலத்தில் சந்தையில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியான பின் வந்த முதல் வர்த்தக நாள். மத்தியில் நிலையான ஆட்சி என்று தெரிந்ததும் சந்தை மேல்நோக்கிப் பாய்ந்து, உச்ச வரம்பைத் தொட்டு, வர்த்தகமே நிறுத்தப்பட்டது. ஒரே நாளில் 2,110 புள்ளிகள், 17.3 சதவீதம். சென்செக்ஸ் 14,284-இல் நின்றது. மார்ச் அடியிலிருந்து பார்த்தால் பத்து வாரத்தில் 75 சதவீத ஏற்றம்.

இப்போது 2008 ஜனவரியில் பணம் போட்டவரின் கணக்கைத் திறந்து பாருங்கள். 75 சதவீதம் ஏறியும், அவர் உச்சத்திலிருந்து இன்னும் 31.6 சதவீதம் கீழேதான் இருக்கிறார். பழைய இடத்துக்கு வர, அன்றைய விலையிலிருந்து இன்னும் 46 சதவீதம் ஏற வேண்டும். 17.3 சதவீதம் என்று முழங்கிய அந்த 2,110 புள்ளிகள்கூட அவருடைய உச்சத் தொகையில் பத்து சதவீதம்தான். சரிவை உச்சத்திலிருந்தும் ஏற்றத்தை அடியிலிருந்தும் அளப்பது வழக்கம். அதனால்தான் ஏற்றத்தின் எண்கள் எப்போதும் கவர்ச்சியாகத் தெரிகின்றன. செய்தியில் ஏற்றச் சதவீதத்தைக் கேட்டதும், எங்கிருந்து என்று கேட்டுவிட வேண்டும்.

ஒருவழியாக 2010 நவம்பர் தொடக்கத்தில் சென்செக்ஸ் பழைய உச்சத்தைத் தாண்டியது; நவம்பர் 5 அன்று, தீபாவளி முகூர்த்த வர்த்தகத்தில், 21,004-இல் முடிந்தது. 34 மாதங்கள். "அசல் வந்துவிட்டது" என்று பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். சந்தை உடனே மறுபடி திரும்பியது. 2011 டிசம்பர் 20-இல் 15,175-க்கு வந்தது. புதிய உச்சத்திலிருந்து ஏறக்குறைய 28 சதவீதச் சரிவு. அந்த உச்சத்தை மீண்டும் கடந்து முடிந்தது 2013 அக்டோபர் 30-ஆம் தேதிதான். ஆக, 2008 ஜனவரியில் மொத்தமாகப் போட்டவர் சுமார் ஐந்தே முக்கால் ஆண்டுகளுக்குப் பின்னும் ஏறக்குறைய போட்ட இடத்திலேயே நின்றார். நடுவில் கிடைத்த டிவிடெண்ட் ஒரு பக்கம். அரிசி, பால், வாடகை எல்லாம் அந்த ஆண்டுகளில் ஏறிய ஏற்றம் இன்னொரு பக்கம்.

உச்சத்திலிருந்து அடுத்த அடி வரைக்கும் உள்ள இந்தச் சரிவுக்குத்தான் டிராடவுன் என்று பெயர். ஒரு காலகட்டத்தில் வந்த டிராடவுன்களில் ஆகப் பெரியது மேக்ஸிமம் டிராடவுன். 2008-க்கும் 2013-க்கும் இடையே சென்செக்ஸுக்கு இரண்டு பெரிய டிராடவுன்கள் வந்தன: ஒன்று 60.9, மற்றது ஏறக்குறைய 28. மேக்ஸிமம் டிராடவுன் 60.9. முடிவு விலைகளை வைத்துச் சொல்லும் எண் இது. நாளின் நடுவில் தொட்ட விலைகளை எடுத்தால் உச்சம் 21,206, அடி 7,697, சரிவு 63.7 சதவீதம். அந்த 7,697 வந்தது 2009 மார்ச்சில் இல்லை, 2008 அக்டோபர் 27-ஆம் தேதி. மாதக் கடைசி விலைகளை மட்டும் எடுத்தால் சரிவு இன்னும் மென்மையாகத் தெரியும். ஆகவே யாராவது ஒரு டிராடவுன் எண்ணைக் காட்டினால், தினசரிக் கணக்கா மாதக் கணக்கா என்று கேட்பது நியாயமான கேள்வி. மாதக் கணக்கு சரிவைக் குறைத்துக் காட்டுமே தவிர, கூட்டிக் காட்டாது.

உங்கள் சொந்தக் கணக்குக்கு இதைப் போட்டுப் பார்க்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒருவர் 2 லட்சத்தில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசி மதிப்புகள் முறையே 2,40,000, 2,16,000, 2,70,000, 1,89,000, 2,20,000, 1,62,000, 2,05,000. ஒவ்வொரு மாதமும் இரண்டு எண்கள் எழுத வேண்டும்: இன்றைய மதிப்பு, இதுவரை வந்ததிலேயே அதிகமான மதிப்பு. 2,16,000 வந்த மாதத்தில் அதுவரை உச்சம் 2,40,000. சரிவு 10 சதவீதம். அடுத்த மாதம் 2,70,000 வந்ததும் உச்சம் மாறிவிட்டது, சரிவு பூஜ்யம். பிறகு 1,89,000: சரிவு 30. 2,20,000-க்கு ஏறியபோது சரிவு 18.5 ஆகக் குறைகிறது. ஆனால் உச்சம் 2,70,000 என்பது மாறவில்லை. அடுத்து 1,62,000: சரிவு 40 சதவீதம். அதுதான் இந்தக் கணக்கின் மேக்ஸிமம் டிராடவுன்.

இந்த ஆளிடம் கேட்டால் என்ன சொல்வார்? "ரெண்டு லட்சம் போட்டேன், ரெண்டு லட்சத்து அஞ்சாயிரம் இருக்கு. ரெண்டரை பர்சென்ட் லாபம்" என்பார். பொய் இல்லை. ஆனால் 1,62,000-இல் நின்ற மாதத்தில் அவர், "போட்டதுல 19 பர்சென்ட்தான் போயிருக்கு" என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பார். அவர் கையாண்ட முறை 40 சதவீதத்தை விழுங்கக்கூடிய முறை என்பது அந்த 19-இல் ஒளிந்துகொள்கிறது. லாபத்தில் வந்த பணம் போனால் போகட்டும் என்பது நம் ஊரில் பரவலான மனப்பான்மை. அதனால்தான் டிராடவுனைப் போட்ட முதலிலிருந்து அளக்காமல் உச்சத்திலிருந்து அளக்கிறார்கள். உச்சத்தில் கணக்கில் இருந்த 2,70,000-மும் அவருடைய பணம்தான். அன்றைக்கு விற்றிருந்தால், வரியும் தரகும் போக மீதி அவர் கையில் இருந்திருக்கும்.

இந்தக் கணக்கில் மிகச் சுலபமாக நடக்கும் ஏமாற்று ஒன்று உண்டு. பெரும்பாலும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. 1,62,000-இல் நிற்கும்போது சம்பளப் பணத்திலிருந்து 50,000 ரூபாயைக் கணக்கில் போடுகிறார். செயலியைத் திறந்தால் 2,12,000 என்று காட்டுகிறது. மனசு லேசாகிறது. ஆனால் ஒரு ரூபாய்கூட மீளவில்லை. ஒவ்வொரு மாதமும் பணம் போட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு, கணக்கின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் சரிவே தெரியாமல் போகலாம்.

மியூச்சுவல் ஃபண்ட்காரர்கள் இதை யூனிட்டாகப் பிரித்துச் சமாளிக்கிறார்கள். அதே வழியை நாமும் பிடிக்கலாம். தொடக்கத்தில் இருந்த 2 லட்சத்தை 2,000 யூனிட், யூனிட் ஒன்று 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் 2,70,000 வந்தபோது யூனிட் விலை 135. அடியில் 1,62,000 வந்தபோது 81. இப்போது புதிதாகப் போடும் 50,000 ரூபாய், 81 ரூபாய் விலையில் 617 யூனிட்டுகளை வாங்குகிறது. மொத்தத் தொகை கூடிவிட்டது. யூனிட் விலை மட்டும் 81-லேயே நிற்கிறது. 135 எப்போது திரும்பி வருகிறதோ அப்போதுதான் சரிவு முடிந்தது. பணம் எடுக்கும்போதும் இதே போல யூனிட்டுகளைக் குறைத்தால் போதும், விலையைத் தொட வேண்டாம். எக்செல் தெரிந்தவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை.

கீழே போகும்போது பணம் போடுவது தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. குறியீட்டு ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி போட்டவர்கள் 2008-09-இல் மலிவு விலையில் நிறைய யூனிட்டுகளை வாங்கினார்கள். 2010 தீபாவளிக்கு முன்பே பலர் லாபத்தில் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு லாபம் தந்தவை பிற்பாடு மலிவாக வாங்கிய யூனிட்டுகள். உச்சத்தில் வாங்கிய யூனிட்டுகள் 155.8 சதவீதப் படியை ஏறியே தீர வேண்டியிருந்தது. ஒரு லட்சம் ஐம்பதாயிரமாகிவிட்டது, இன்னொரு லட்சம் சேர்க்கிறோம் என்றால், ஒன்றரை லட்சம் இரண்டு லட்சமாக 33 சதவீதம் போதும். "ஆவரேஜ் பண்ணிட்டேன்" என்று சொல்வது இதைத்தான். குறியீட்டில் இது பெரும்பாலும் தப்பிப் பிழைத்துவிடும். தனிப் பங்கில் அப்படி நம்ப முடியாது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் கணக்கில் மோசடி நடந்ததை அதன் தலைவரே 2009 ஜனவரி 7 அன்று ஒப்புக்கொண்டதும், அன்று ஒரே நாளில் அந்தப் பங்கு முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. சென்செக்ஸ் அந்தப் பங்கை உடனே வெளியே எடுத்துவிட்டு, வேறொரு நிறுவனத்தை உள்ளே கொண்டுவந்தது. குறியீடு தன் நோயாளிகளை இப்படி அவ்வப்போது வெளியேற்றிக்கொள்ளும். நம் டீமேட் கணக்கு அதைத் தானாகச் செய்யாது.

டிராடவுன் யாரை அதிகம் வதைக்கும் என்று கேட்டால், என் பதில் ஓய்வு பெற்றவர்கள். சம்பளக்காரர் சரிவில் பணம் சேர்க்கிறார். ஓய்வு பெற்றவர் சரிவிலும் பணம் எடுக்க வேண்டும். 20 லட்ச ரூபாய் முழுவதையும் பங்குச் சந்தையில் வைத்து, மாதம் 10,000 எடுத்துச் செலவு செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சந்தை பாதியானால் 10 லட்சம். அந்த நிலையில் ஒரு வருடச் செலவாக 1,20,000 எடுத்தால் மீதி 8,80,000. இப்போது 20 லட்சத்துக்குத் திரும்ப 100 சதவீதம் போதாது, 127 சதவீதம் வேண்டும். குறியீடு இரட்டிப்பாகி பழைய உச்சத்தைத் தொடும் நாளில், அதற்குப் பின் ஒரு ரூபாய்கூட எடுக்காமல் இருந்திருந்தால்கூட, அவரிடம் 17,60,000-தான் இருக்கும். அவரோ ஒவ்வொரு மாதமும் எடுத்துக்கொண்டுதான் இருப்பார். "சந்தை எப்பவும் திரும்பி வந்துடும் சார்" என்ற ஆறுதல், பணத்தை எடுக்காமல் வைத்திருக்கக்கூடியவர்களுக்கானது. மூன்று நான்கு வருடச் செலவுக்கான தொகையை வங்கி டெபாசிட்டிலோ அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டத்திலோ தனியாக வைப்பதன் காரணம் வட்டி ஆசை இல்லை. அடியில் விற்காமல் இருக்கத்தான்.

மறுகோடியில் இருப்பவர்கள் எஃப் அண்ட் ஓ பக்கம் போகும் இளைஞர்கள். இங்கே சரிவு சந்தையிலிருந்து வருவதைவிட, ஒவ்வொரு முறையும் எவ்வளவு பணயம் வைக்கிறோம் என்பதிலிருந்துதான் வருகிறது. நாணயத்தை நூறு முறை சுண்டினால், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஆறு முறை பூ விழுவதற்கான வாய்ப்பு பாதிக்கும் சற்று அதிகம். எனவே சரிபாதி ஜெயிக்கும் ஒருவருக்குக்கூட, நூறு வர்த்தகத்துக்குள் தொடர்ந்து ஆறு தோல்வி வருவது அதிசயம் இல்லை. 2 லட்ச ரூபாய்க் கணக்கில், ஒவ்வொரு முறையும் கையிலிருப்பதில் 2 சதவீதத்தை மட்டும் இழக்கும்படி ஸ்டாப் லாஸ் வைத்தவர், ஆறு தோல்விக்குப் பின் 1,77,000-இல் இருப்பார். மீள 13 சதவீதம் போதும். ஒவ்வொரு முறையும் 10 சதவீதம் இழப்பவர் 1,06,000-இல் நிற்பார். மீள 88 சதவீதம் வேண்டும். இருபது சதவீதம் என்று துணிந்தவரிடம் மிஞ்சுவது 52,000 ரூபாய். அவருக்குத் தேவை 281 சதவீதம்.

மூவருக்கும் தோல்விகள் ஒன்றே. தவறிய கணிப்பும் ஒன்றே. மாறியது பணய அளவு மட்டும். மூன்றாமவர் அடுத்து என்ன செய்வார் என்பது ஊகிக்கக் கூடியதுதான்: 281 சதவீதத்தை நிதானமாக எடுக்க வருடங்கள் ஆகும், அதனால் பணயத்தை இன்னும் கூட்டுவார், அல்லது கடன் வாங்கிப் போடுவார். பாதி போன கணக்குகள் மீளாமல் போவதற்கு இந்த அவசரம்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்த செபி, பங்குச்சந்தை எஃப் அண்ட் ஓ-வில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்ததாக 2024 செப்டம்பரில் வெளியிட்டது. ஒருவருக்குச் சராசரி நட்டம் சுமார் 2 லட்சம்.

இதையெல்லாம் வைத்து மேக்ஸிமம் டிராடவுனை ஜோசியம்போல் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நடந்து முடிந்த ஒன்றின் அளவு. வரலாறு நீள நீள அது பெரிதாகுமே தவிர, ஒருநாளும் சுருங்காது. 2021-இல் தொடங்கிய ஃபண்ட் ஒன்று, "எங்கள் மேக்ஸிமம் டிராடவுன் வெறும் 15 சதவீதம்" என்று காட்டினால், அது 2008-ஐயும் பார்க்கவில்லை, 2020-ஐயும் பார்க்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். 2020 ஜனவரி 14-இல் 41,952-இல் இருந்த சென்செக்ஸ், கொரோனா பீதியில் மார்ச் 23-க்குள் 25,981-க்கு இறங்கியது. பத்தே வாரத்தில் 38 சதவீதம். மீள 61.5 சதவீதம் தேவைப்பட்டது. நவம்பர் 9-ஆம் தேதி பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தச் சரிவு 60-க்குப் போயிருந்தால் அவ்வளவு சீக்கிரம் மீண்டிருக்குமா என்பது சந்தேகமே.

எல்லாச் சந்தைகளும் இப்படிச் சில மாதங்களிலோ வருடங்களிலோ திரும்பிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஜப்பானின் நிக்கெய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915-இல் முடிந்தது. 2009 மார்ச் 10-இல் 7,054-க்கு வந்தது: 82 சதவீதச் சரிவு, மீள 452 சதவீதம் தேவை. 1989-இன் உச்சத்தை அது தாண்டி முடிந்தது 2024 பிப்ரவரி 22-ஆம் தேதி. டிவிடெண்ட்டைச் சேர்த்தால் இன்னும் முன்னதாகவே மீண்டிருப்பார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் முப்பது வயதில் முழுப் பணத்தையும் போட்ட ஒரு டோக்கியோவாசிக்குக் குறியீடு பழைய எண்ணைக் காட்டும்போது வயது அறுபத்து நான்கு.

ஒரு ஃபண்டில் பணம் போடுமுன், விளம்பரத்தில் இருக்கும் ஐந்தாண்டு லாபச் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். மியூச்சுவல் ஃபண்டுகளின் பழைய என்ஏவி விவரங்கள் ஆம்ஃபி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2008-ஐயும் 2020-ஐயும் பார்த்த ஃபண்ட் என்றால், அந்த இரண்டு ஆண்டுகளின் உச்ச என்ஏவியையும் அடி என்ஏவியையும் எழுதிச் சரிவைக் கணக்கிடுங்கள். பிறகு அந்தச் சதவீதத்தை உங்கள் தொகையில் ரூபாயாகப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு ரூபாய் குறைந்த நிலையில் மூன்று வருடம் விற்காமல் இருக்க முடியாது என்று தோன்றினால், போடும் தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.